லூசாகப் பிடித்தால் பலம் எங்கிருந்து வரும்? ஷட்டில் ராக்கெட்டும் ஐந்து விரல்களும்

கேள்வி: வாரம் நாலு நாள் காலையில் ஷட்டில் ஆடுகிறேன். வலது கை ஆட்டக்காரன். ஸ்மாஷ் ஓரளவு வருகிறது. ஆனால் பேக்ஹேண்டில் டாஸ் அடித்தால், அதாவது எதிர்ப்பக்கக் கடைசிவரை போகும்படி உயரமாகத் தூக்கி அடித்தால், பாதி கோர்ட்டிலேயே விழுந்துவிடுகிறது. கூட ஆடுகிறவர்கள் "பேட்டை லூசா பிடிங்க, ரிஸ்ட்ல அடிங்க" என்கிறார்கள். லூசாகப் பிடித்தால் பலம் எப்படி வரும்? ஃபோர்ஹேண்டுக்கும் பேக்ஹேண்டுக்கும் விரல்களை எங்கே வைக்க வேண்டும்?

பதில்:

உங்கள் நண்பர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். ஷட்டில் வரும்வரை லூசாகப் பிடிக்க வேண்டும், அடிபடும் அந்தக் கணத்தில் விரல்களால் இறுக்க வேண்டும், அடித்ததும் மறுபடி தளர்த்திவிட வேண்டும். பலம் வருவது நடுவில் இருக்கும் அந்த இறுக்கத்தில். முன்னால் தளர்வாக இருந்தால்தான் அந்த இறுக்கத்துக்கு இடம் இருக்கும். ஏற்கெனவே முறுக்கிப் பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் எவ்வளவு தண்ணீர் வரும்? அந்தக் கதைதான்.

ராக்கெட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். படிப்பதைவிடத் தொட்டுப் பார்த்தால்தான் இது புரியும்.

முதலில் கைப்பிடியைப் பாருங்கள். கிரிப் சுற்றியிருப்பதால் உருண்டையாகத் தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் மரம் எட்டுப் பட்டை கொண்டது. நரம்பு வலையின் இரண்டு முகங்களுக்கும் இணையாக இரண்டு அகலப் பட்டைகள். சட்டத்தின் விளிம்புகளுக்கு நேராக இரண்டு குறுகிய பட்டைகள். இவற்றுக்கு இடையே மூலைகளில் நான்கு சாய்வுப் பட்டைகள். கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியை விரல்களுக்குள் மெல்ல உருட்டிப் பாருங்கள், மூலைகள் தட்டுப்படும். ஆட்டத்தின் நடுவில் யாரும் கைப்பிடியைக் குனிந்து பார்ப்பதில்லை. எந்தப் பிடியில் இருக்கிறோம் என்பதை இந்த மூலைகளை வைத்து விரல்கள்தான் கண்டுபிடிக்கின்றன. பழைய கிரிப்புக்கு மேல் கிரிப், அதற்கு மேல் இன்னொன்று என்று சுற்றி வைத்திருக்கிறவர்களுக்கு இந்த மூலைகள் மறைந்துபோய், கையில் இருப்பது உலக்கை மாதிரி ஆகிவிடும். உங்களுடையது அப்படி இருந்தால் பழையதை எல்லாம் உரித்துவிட்டு ஒன்று மட்டும் சுற்றுங்கள். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

ஃபோர்ஹேண்ட் பிடிக்கு: இடது கையால் ராக்கெட்டின் தண்டைப் பிடித்து, சட்டத்தின் ஒரு விளிம்பு தரையையும் மறு விளிம்பு கூரையையும் பார்க்கும்படி நிறுத்துங்கள். நரம்பு வலை சுவர் மாதிரி நிற்க வேண்டும், தட்டு மாதிரி படுக்கக் கூடாது. இப்போது வலது கையால் கைப்பிடியோடு கைகுலுக்குங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு கவட்டை விழும் அல்லவா, அதன் அடி மேலே உள்ள குறுகிய பட்டைக்கும் அதன் இடப்பக்கச் சாய்வுப் பட்டைக்கும் இடையிலான விளிம்பை ஒட்டி வர வேண்டும். கட்டை விரல் இடப்பக்க அகலப் பட்டைமேல் சாய்வாகச் சும்மா சாய்ந்திருக்கும். ஆள்காட்டி விரல் நடு விரலை ஒட்டி இருக்காது, ஒரு விரல் இடைவெளி விட்டுச் சற்று மேலே ஏறி, கொக்கி மாதிரி வளைந்து நிற்கும். மீதி மூன்று விரல்களும் கைப்பிடியைச் சாய்வாகச் சுற்றியிருக்கும், நேராக மடங்கி முஷ்டி ஆகாது. சுண்டு விரல் கைப்பிடியின் அடிக் குமிழுக்குப் பக்கத்தில்.

இப்போது உள்ளங்கையைக் கவனியுங்கள். கைப்பிடிக்கும் உள்ளங்கைக் குழிக்கும் நடுவில் இடது கையின் ஒரு விரலை நுழைக்க முடிகிறதா? முடிந்தால் சரி. முடியாவிட்டால் நீங்கள் ராக்கெட்டை உள்ளங்கையால் பிடித்திருக்கிறீர்கள். ராக்கெட் இருக்க வேண்டிய இடம் விரல்கள்.

இந்தப் பிடியில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றுதான். ராக்கெட்டைத் தோசைக் கரண்டி மாதிரி, அல்லது இப்போது எல்லா வீட்டிலும் இருக்கும் கொசு பேட் மாதிரி பிடிப்பது. அதாவது கவட்டை அகலப் பட்டைமேல் வந்துவிடும், நரம்பு வலை நேராக நெட்டைப் பார்க்கும். புதிதாக ஆடுகிறவருக்கு இது மிக வசதி, ஏனென்றால் ஷட்டில் வந்தால் தட்டினால் போதும், முகம் ஏற்கெனவே நேராக இருக்கிறது. நெட்டுக்குப் பக்கத்தில் உயரமாக வரும் ஷட்டிலை அடித்து முடிக்கத் தேர்ந்த ஆட்டக்காரர்களும் இப்படிப் பிடிப்பார்கள். ஆனால் பின் கோர்ட்டிலிருந்து இந்தப் பிடியில் அடித்தால் பலம் வராது. அது ஏன் என்பதிலேயே உங்கள் கேள்விக்கான பாதி விடை இருக்கிறது.

"ரிஸ்டில் அடி" என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் அந்த வேகம் மணிக்கட்டு மடங்குவதால் மட்டும் வருவதில்லை. அதன் பெரும்பகுதி மேற்கை தோளில் சுழல்வதிலும், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இருக்கும் முன்கை சுழல்வதிலும் வருகிறது. அங்கே இரண்டு எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று புரளும். செம்பில் இருக்கும் தண்ணீரைக் கவிழ்க்கும்போது உள்ளங்கை கீழே திரும்புகிறதே, அது ஃபோர்ஹேண்டின் சுழற்சி. வலது கையால் ஸ்க்ரூவை முறுக்கி இறுக்கும்போது உள்ளங்கை மேல்பக்கம் திரும்பும், அது பேக்ஹேண்டின் சுழற்சி. தோசைக் கரண்டிப் பிடியில் முகம் முன்கூட்டியே நேராகிவிட்டதால், முன்கையைச் சுழற்றினால் முகம் கோணிக்கொள்ளும். அதனால் உடம்பு சுழற்சியை விட்டுவிட்டு மணிக்கட்டை முன்னால் மடக்கித் தட்டுகிறது. அந்த மடக்கலுக்கு வீச்சும் குறைவு, வேகமும் குறைவு.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். ராக்கெட்டும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் வரும்படி நீட்டிப் பிடித்துக்கொண்டு முன்கையைச் சுழற்றுங்கள். ராக்கெட் இருந்த இடத்திலேயே சும்மா உருளும், தலை எங்கும் போகாது. இப்போது ராக்கெட் தலையைக் கட்டை விரல் பக்கமாக உயர்த்தி, முன்கையோடு ஒரு கோணம் வைத்து அதே சுழற்சியைச் செய்யுங்கள். தலை பெரிய அரைவட்டம் போட்டு வரும். கையில் செய்த வேலை ஒன்றுதான், கோணம்தான் அதை வீச்சாக மாற்றியது. கைப்பிடி விரல்களில் சாய்வாகக் கிடந்தால் இந்தக் கோணம் தானாக வரும்.

சரி, இனி தளர்வுக்கு வருவோம்.

விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீளமான தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரல்களுக்குப் போகின்றன. நீங்கள் இறுக்கிப் பிடிக்கும்போது இந்த நாண்கள் மணிக்கட்டையும் சேர்த்து உள்ளே இழுக்கும். மணிக்கட்டு மடங்கிவிடக் கூடாதே என்று முன்கையின் மறுபக்கத் தசைகளும் பதிலுக்கு இழுக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுத்தால் நடுவில் இருக்கும் மணிக்கட்டு என்ன ஆகும்? பூட்டிக்கொள்ளும். இடது கையால் வலது முன்கையை முழங்கைக்குக் கீழே சுற்றிப் பிடித்துக்கொண்டு, வலது முஷ்டியை முழு பலத்தோடு இறுக்கிப் பாருங்கள். உள்பக்கமும் வெளிப்பக்கமும் சேர்ந்து கல்லாகும். அதே இறுக்கத்தோடு "டாட்டா" காட்ட முயலுங்கள், மணிக்கட்டு முரண்டு பிடிக்கும். முஷ்டியைத் தளர்த்திவிட்டுக் காட்டுங்கள், கை துணி மாதிரி ஆடும். ஷட்டில் வருவதற்கு முன்பிருந்தே இறுக்கிப் பிடிக்கிறவர், பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்சிலரேட்டரை முறுக்குகிறார்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தளர்ந்த பிடியில் ராக்கெட் உண்மையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில்தான் நிற்கிறது. அந்த இடம் அச்சு. நடு விரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் கைப்பிடியின் கீழ்ப்பகுதியை விட்டு லேசாகத் திறந்திருக்கும். இந்த மூன்றையும் சட்டென்று மூடினால் கைப்பிடியின் அடி உள்ளங்கைப் பக்கம் வரும், தலை முன்னால் பாயும். அச்சிலிருந்து சுண்டு விரல் பிடிக்கும் இடம் ஏறக்குறைய 7.5 செ.மீ. அச்சிலிருந்து நரம்பு வலையின் நடு ஏறக்குறைய 45 செ.மீ. அதாவது ஆறு மடங்கு. விரல்கள் கைப்பிடியின் அடியை 2 செ.மீ. இழுத்தால் நரம்பு வலை 12 செ.மீ. முன்னால் போகும். தோளும் முழங்கையும் முன்கையும் சேர்ந்து ஏற்கெனவே கொண்டுவந்த வேகத்தின்மேல், கடைசி நொடியில் இந்த அரைச் சாண் பாய்ச்சலும் ஏறிக்கொள்கிறது. முன்பே மூடிய விரல்களுக்கு இந்த 2 செ.மீ. கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் இன்னொன்று. ஷட்டிலின் எடை விதிப்படி 4.74 முதல் 5.50 கிராம். கையில் இருக்கும் ராக்கெட் பெரும்பாலும் 80 முதல் 89 கிராமுக்குள். இவ்வளவு லேசான ஷட்டில் ராக்கெட்டைப் பின்னால் தள்ளாது. கிரிக்கெட் பந்துக்குப் பிடிப்பது போல அடிபடும் அதிர்ச்சியைத் தாங்க இறுக்க வேண்டிய அவசியமே இங்கே இல்லை. கிரிக்கெட்டிலிருந்து வருகிறவர்களுக்கும், பூப்பந்து ஆடிவிட்டு வருகிறவர்களுக்கும் இதை நம்பவைப்பதுதான் கஷ்டம். கம்பளிப் பந்தும் கனமான மட்டையுமாகப் பழகிய கை, ஷட்டிலைக் கண்டாலும் பழக்கத்தில் இறுகிவிடும்.

இனி பேக்ஹேண்ட். ஃபோர்ஹேண்ட் பிடியிலிருந்து இதற்கு மாற கையை நகர்த்தக் கூடாது, கைப்பிடியைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் உருட்ட வேண்டும். பேனாவைச் சிந்திக்கும்போது உருட்டுவோமே, அந்த மாதிரி. சுமார் ஒரு பட்டை அளவு உருட்டினால் போதும், சாய்ந்து கிடந்த கட்டை விரல் நிமிர்ந்து, அதன் சதைப் பகுதி பட்டைமேல் படியும். பிடி தளர்ந்திருந்தால்தான் இந்த உருட்டல் நடக்கும். இறுக்கிப் பிடிக்கிறவர் பிடியை மாற்ற வேண்டுமென்றால் முதலில் இறுக்கத்தை விட வேண்டும், பிறகு உருட்ட வேண்டும், பிறகு அடிக்க வேண்டும். அதற்குள் ஷட்டில் தரையில்.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கலாம் என்று நினைக்கிறேன். "பேக்ஹேண்ட் என்றால் கட்டை விரலை அகலப் பட்டைமேல் வை" என்று சொல்லிக்கொடுப்பார்கள். அது உடம்புக்கு முன்னால் எடுக்கும் ஷட்டிலுக்கு: பேக்ஹேண்ட் சர்வீஸ், நெட் பக்கத்துத் தட்டல், இடுப்பு உயரத்து டிரைவ், ஸ்மாஷைத் திருப்பி எடுப்பது. இவற்றில் கட்டை விரல் அகலப் பட்டையின் பின்னால் தட்டையாக நின்று தள்ள, ஷட்டில் நேராக முன்னால் போகும். ஆனால் நீங்கள் கேட்பது பின் கோர்ட்டில், முதுகை நெட்டுக்குக் காட்டிக்கொண்டு, தலைக்குப் பக்கத்தில் எடுக்கும் டாஸ். அங்கே கட்டை விரலை அகலப் பட்டைமேல் தட்டையாக வைத்தால் முகம் நெட்டைப் பார்க்காது, பக்கவாட்டைப் பார்க்கும். அதைச் சரிசெய்ய மணிக்கட்டைத் திருக வேண்டும், திருகிய மணிக்கட்டில் சுழற்சிக்கு இடமில்லை. ஆகவே கட்டை விரலை அகலப் பட்டையிலிருந்து நகர்த்தி, அதை ஒட்டி மேலே இருக்கும் சாய்வுப் பட்டைக்கு, அல்லது அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள விளிம்புக்குக் கொண்டுவர வேண்டும். ஷட்டில் எவ்வளவு பின்னால் போய்விட்டதோ அவ்வளவுக்கு இந்தப் பக்கம் திருப்ப வேண்டியிருக்கும்.

இரண்டு பேக்ஹேண்டிலும் கட்டை விரலின் வேலை ஒன்றே: அடிக்கும் கணத்தில் அது அழுத்த, மற்ற விரல்கள் எதிர்ப்பக்கம் இழுக்க, நடுவில் கைப்பிடி திரும்பும். அதற்கு முன் கட்டை விரல் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் போதும். ஆரம்பத்திலேயே நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நகம் வெளுத்திருந்தால் அடி போகாது என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

ஒருவருடைய பேக்ஹேண்டைச் சரிசெய்த கதையைச் சொல்கிறேன், அது உங்கள் நிலைக்கு மிகவும் ஒத்துப்போகும். காலை ஆறு மணிக்கு எங்களோடு ஆட வருபவர், நாற்பது வயது தாண்டியவர், கல்லூரி நாட்களில் வேகப்பந்து வீசியவர். தோளில் நல்ல பலம். பேக்ஹேண்ட் டாஸ் மட்டும் எதிர்ப்பக்க சர்வீஸ் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால், ஸ்மாஷ் அடிக்க வாகாக விழும். பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஓங்கி வீசுவார், இன்னும் முன்னால் விழும். ஒரு நாள் அவர் ஆடத் தயாராக நிற்கும்போது பின்னால் போய் அவர் ராக்கெட் தலையைப் பிடித்து மெல்ல இழுத்தேன். ராக்கெட்டோடு சேர்ந்து அவரும் ஓரடி பின்னால் வந்தார். தளர்வாகப் பிடித்திருக்கிறவர் கையிலிருந்து ராக்கெட் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு வரும். இவர் கையில் அது தோள்வரை வெல்டிங் வைத்த மாதிரி இருந்தது.

பிடியைப் பார்த்தேன். கட்டை விரல் அகலப் பட்டைமேல் செங்குத்தாக, விறைப்பாக. உள்ளங்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் காகிதம்கூட நுழையாது. உள்ளங்கையில், சுண்டு விரலுக்குக் கீழே, தடித்த காய்ப்பு. நாள் முழுக்க இறுக்கிப் பிடிக்கிறவர்களுக்கு அங்கே காய்ப்பது வழக்கம்.

முதல் ஒரு வாரம் அவருக்கு ஷட்டிலே தரவில்லை. சும்மா வீசச் சொன்னேன், ஆனால் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. நல்ல வீச்சில் "விஷ்" என்று ஒரு சத்தம் வரும். இறுக்கிப் பிடித்து வீசினால் சத்தம் வீச்சு முழுக்கப் பரவி மந்தமாக இருக்கும், அல்லது ஆரம்பத்திலேயே வந்து முடிந்துவிடும். விரல்கள் கடைசியில் மூடினால் சத்தம் குட்டையாக, கூர்மையாக, ஷட்டில் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வரும். மூன்றாம் நாள் முதல் தடவையாக அந்தக் குட்டைச் சத்தம் வந்தபோது அவரே நின்று ராக்கெட்டைப் பார்த்தார்.

அப்புறம் எண் வைத்துச் சொன்னேன். விழாமல் மட்டும் பிடிப்பது 1, முழு பலத்தோடு பிழிவது 10 என்றால், காத்திருக்கும்போது 2 அல்லது 3, அடிபடும்போது 7 அல்லது 8, உடனே மறுபடி 3. அவர் காத்திருந்தது 7-இல், அடித்தது 8-இல். நடுவில் ஏற என்ன இருக்கிறது? இந்த எண்கள் எதையும் அளந்து சொன்னவை அல்ல, கை புரிந்துகொள்வதற்காகத்தான். ஆனால் வேலை செய்கின்றன.

இரண்டாம் வாரம் ஷட்டிலோடு. பின் கோர்ட்டில் இல்லை, நடுக் கோர்ட்டில் நிற்கவைத்து, பக்கத்தில் நின்று கையாலேயே ஷட்டிலை உயரமாகப் போட்டுக்கொடுத்தேன். தூரமாக அடிக்கக் கூடாது என்பதுதான் கட்டளை, ஏனென்றால் தூரம் என்ற நினைப்பு வந்ததும் கை இறுகிவிடும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: முதுகு நெட்டுப் பக்கம் திரும்ப வேண்டும், வலது கால் ஷட்டில் பக்கம் ஊன்ற வேண்டும், முழங்கை தோள் உயரத்துக்கு வர வேண்டும், ராக்கெட் தலை அப்போது கீழே தொங்கியிருக்க வேண்டும், விரல்கள் திறந்திருக்க வேண்டும். முழங்கை முதலில் மேலே ஏறும், அது கிட்டத்தட்ட நின்ற பிறகு முன்கை ஸ்க்ரூ முறுக்குவது போலச் சுழலும், கடைசியில் விரல்கள் மூடும். மூடியதும் கை அங்கேயே நிற்க வேண்டும்.

அந்தக் கடைசி விஷயத்தில் அவர் ரொம்ப நாள் தடுமாறினார். அடித்த பிறகும் கையை நெட் பக்கம் வீசிக்கொண்டே போவார். பேக்ஹேண்ட் டாஸில் அடிபட்டதும் கை நிற்கும், ராக்கெட் லேசாகத் திரும்பிக் குதிக்கும். ஈரத் துணியை உதறும்போது கை நின்ற பிறகுதான் துணியின் நுனி படீரென்று சொடுக்கும் அல்லவா? கையை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போனால் சொடுக்காது. இதுவும் அப்படியே.

மூன்றாம் வாரக் கடைசியில் அவருடைய டாஸ் எதிர்ப்பக்க இரட்டையர் சர்வீஸ் பின்கோடு வரை போக ஆரம்பித்தது. பத்துக்கு ஐந்து, ஆறு. கோர்ட்டின் மொத்த நீளம் 13.4 மீட்டர், அந்தக் கோடு கடைசிக் கோட்டுக்கு 76 செ.மீ. முன்னால் இருக்கிறது, ஆக அது நல்ல தூரம்தான். மீதி நாலைந்து ஏன் போகவில்லை என்றால், அது பிடியின் குற்றம் இல்லை, கால் தாமதம். ஷட்டில் தோளுக்குக் கீழே இறங்கிவிட்டால் இந்த விரல் வித்தை எதுவும் காப்பாற்றாது. அப்போது டாஸ் அடிக்க ஆசைப்படாமல் நெட் பக்கம் டிராப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இந்த அடி எந்த உயரத்துக்குப் போகலாம் என்று பார்க்க வேண்டுமானால் இந்தோனேசியாவின் தவுஃபிக் ஹிதாயத் ஆடிய பழைய ஆட்டங்களைப் பாருங்கள், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் ஒற்றையரில் தங்கம் வென்றவர். பேக்ஹேண்டில் ஸ்மாஷே அடிப்பார். வேகத்தைப் பார்க்காமல், அடிப்பதற்கு முன் அவர் கை எவ்வளவு சோம்பலாக இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

எல்லா அடிக்கும் இறுக்க வேண்டுமா என்றால், இல்லை. நெட் பக்கத்தில் ஷட்டிலை மெல்லப் போடும்போது கடைசிவரை தளர்வுதான். எதிராளியின் ஸ்மாஷை நெட்டுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டுமென்றாலும் அப்படியே, தளர்ந்த விரல்கள் ஷட்டிலின் வேகத்தைக் குடித்துவிடும். இறுக்கமான கையில் பட்டால் அது எகிறிப் போய் எதிராளிக்கே வாகாகும். டாஸ், ஸ்மாஷ், டிரைவ் இவற்றுக்குத்தான் அந்தக் கடைசி இறுக்கம்.

தளர்த்துகிறேன் என்று தப்பாகத் தளர்த்துகிறவர்களும் உண்டு. அடிபடும்போதும் தளர்வாகவே விட்டுவிட்டால், ஷட்டில் வலையின் நடுவில் படாதபோது ராக்கெட் கைக்குள் சுழன்றுவிடும், ஷட்டில் கோணிப் போகும், சத்தம் "பொத்" என்று வரும். ராக்கெட் பறந்து போய் கூட ஆடுகிறவர் மேல் விழுகிறது என்றால், பெரும்பாலும் மூன்று விரல்கள் மூடவேயில்லை, அல்லது வியர்வை. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டாவது காரணத்தைக் குறைத்து எடைபோடாதீர்கள். கிரிப் வழுக்கினால் கை தானாக இறுகும், அதை எந்தப் பயிற்சியாலும் தடுக்க முடியாது. வியர்வை அதிகம் உள்ளவர்கள் டவல் கிரிப் போடலாம், ஆனால் அது தடிமனானது, பட்டை மூலைகளைக் கொஞ்சம் மழுங்கச் செய்யும். மெல்லிய ஓவர்கிரிப்பை அடிக்கடி மாற்றுவது எனக்குச் சரிப்பட்டு வருகிறது.

கைப்பிடியின் பருமனும் இதில் சேர்த்தி. யோனெக்ஸ் ராக்கெட்டுகளில் ஜி 4, ஜி 5 என்று போட்டிருக்கும், எண் கூடினால் கைப்பிடி ஒல்லி. மேலே கிரிப் சுற்றிக்கொள்ளலாம் என்பதால் ஒல்லியாகவே வாங்குவது நல்லது. விரல்களை முழுதாக மூடிப் பிடிக்கும்போது நடு விரல், மோதிர விரல் நுனிகள் உள்ளங்கையின் கட்டை விரல் மேட்டை லேசாகத் தொடும் அளவு இருந்தால் போதும். நடுவில் பெரிய இடைவெளி தெரிந்தால் கைப்பிடி தடிமன், விரல்கள் மூட இடமே இல்லை. நுனிகள் மேட்டில் குத்தினால் ரொம்ப ஒல்லி, விரல்கள் சுருண்டு விரைவில் களைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் வலி இருக்கிறதா? தோசைக் கல்லைத் தூக்கும்போதோ கதவுக் குமிழைத் திருகும்போதோ அங்கே சுள்ளென்று வருகிறதா? நாள் முழுக்க இறுக்கிப் பிடித்து பேக்ஹேண்ட் அடிக்கிறவர்களுக்கு வரும் வலி அது. அது இருந்தால் மேலே சொன்ன பயிற்சி எதையும் தொடங்காதீர்கள், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

இல்லையென்றால் நாளைக்கே ஒன்று செய்யுங்கள். போனைக் கோர்ட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து வைத்து, ஸ்லோ மோஷனில் உங்கள் பேக்ஹேண்ட் டாஸ் பத்தை எடுங்கள். ஷட்டில் எங்கே போனது என்பதைப் பார்க்க வேண்டாம். முழங்கை மேலே ஏறும் நேரத்தில் படத்தை நிறுத்தி, சுண்டு விரலுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். அதன் பிறகு கட்டை விரல் எந்தப் பட்டையில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டையும் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள் என்றால் அடுத்து எதை மாற்றலாம் என்று பேசலாம்.